யுகாதி முதல் ஈஸ்டர் வரை: மதுரைக் கடைக்கு வாழ்த்துச் செய்தி எழுதும் முறை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் பண்டிகை வாழ்த்து அனுப்பும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எழுதுவதில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் வருவது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் அந்த நாள்களில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளின் புத்தாண்டு, தமிழ் வருடப்பிறப்பு, மலையாளிகளின் விஷு, கிறிஸ்தவர்களின் புனித வாரம் எல்லாம் அடுத்தடுத்து வரும். சில ஆண்டுகளில் நோன்புப் பெருநாளும் அதற்குள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், நாள் தவறும், சொல் தவறும், வாழ்த்தே கூடாத நாளில் வாழ்த்தும் போகும்.

இதற்கு 2025-ஐ எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். மார்ச் 30 ஞாயிறு யுகாதி. மறுநாள் 31 நோன்புப் பெருநாள். ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள், அன்றே விஷு, அன்றே அம்பேத்கர் பிறந்தநாள். ஏப்ரல் 18 புனித வெள்ளி, 20 ஈஸ்டர். மூன்று வாரத்துக்குள் இத்தனையும் வந்தன. இந்த வரிசைக்குச் செய்தி தயாரித்துப் பழகியவருக்கு மற்ற மாதங்கள் எளிது.

முதல் வேலை: யாருக்கு எது என்று பிரிப்பது

பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். மதுரையில் அன்பழகன், செல்வி, ராஜா என்ற பெயர்கள் எல்லா மதத்திலும் உண்டு. நாயக்கர் காலத்திலிருந்தே இங்கே குடியிருந்து வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களின் பெயர்கள் சுத்தத் தமிழாக இருக்கும். பில் போடும்போது கேட்டுவிடுவதே நல்லது. "அக்கா, நம்ம வீட்ல யுகாதி கும்புடுவீங்களா? வாழ்த்து அனுப்பத்தான் கேக்குறேன்" என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாதியையோ மதத்தையோ கேட்க வேண்டாம், குறித்தும் வைக்க வேண்டாம். எந்தச் செய்தி போக வேண்டும் என்பது மட்டும் போதும்: யுகாதி, பெருநாள், சித்திரை, விஷு, ஈஸ்டர். ஒருவர் இரண்டு சொன்னால் இரண்டிலும் சேருங்கள். கலப்புத் திருமணம் செய்த வீடுகளில் அது இயல்பு. ஒன்றும் சொல்லாதவரை எதிலும் சேர்க்காதீர்கள்.

இந்த ஐந்துக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனி ஒளிபரப்புப் பட்டியல் வையுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். அதனால் எண்ணைச் சேமிக்கச் சொல்வதும் பில் போடும்போதே நடக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவாக வைத்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். அதைச் செய்யவே கூடாது.

நாளை உறுதி செய்வது

இந்தப் பண்டிகைகள் நான்கு வேறு கணக்கில் ஓடுகின்றன. இது புரிந்தால் நாள் குழப்பம் பாதி தீரும். சித்திரை முதல் நாளும் விஷுவும் சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் கணக்கு. ஆகவே ஏறக்குறைய எப்போதும் ஏப்ரல் 14-ஐ ஒட்டியே நிற்கும். யுகாதி சைத்ர மாத வளர்பிறைப் பிரதமை, அதாவது அமாவாசைக்கு அடுத்த திதி. அது மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையே நகரும்: 2023-இல் மார்ச் 22, 2024-இல் ஏப்ரல் 9, 2025-இல் மார்ச் 30. ஈஸ்டர், மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்து வரும் ஞாயிறு. பஞ்சாங்கமோ திருச்சபை நாள்காட்டியோ பார்த்தால் இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நோன்புப் பெருநாள் அப்படியல்ல. பிறை கண்ணில் பட வேண்டும். ரமலான் 29-ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள்; தெரியாவிட்டால் ஒரு நோன்பு கூடும். தமிழ்நாடு அரசின் தலைமை காஜி அன்று இரவு அறிவிப்பார். ஆகவே இந்தச் செய்தியைத் தயாரித்து வைக்கலாம், நேரம் குறித்துத் தானாகப் போகும்படி வைக்கக் கூடாது. படத்தில் தேதியும் அச்சடிக்காதீர்கள். 2025-இல் சவூதியில் பெருநாள் மார்ச் 30, நமக்கு 31. துபாயிலும் ரியாத்திலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கிருந்து வரும் வாழ்த்துகள் 30-ஆம் தேதி காலையிலேயே ஸ்டேட்டஸில் ஓடும். அதைப் பார்த்து நீங்களும் அனுப்பினால், உள்ளூரில் அன்று நோன்பு வைத்திருப்பவருக்குப் பெருநாள் வாழ்த்து போய்விடும். உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்றுக்கொண்டு முதல் நாளே கொண்டாடுகிற சிலரும் உண்டு. அவர்கள் தாங்களே சொல்வார்கள். கடை பொது அறிவிப்பையே பின்பற்றட்டும்.

யுகாதி: தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்

தெலுங்கர்கள் உகாதி என்பார்கள், கன்னடர்கள் யுகாதி என்பார்கள். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்தில் இரு மொழிக் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலானோர் வீட்டில் அந்த மொழியைப் பேசுவார்களே தவிர எழுத்து படிக்க மாட்டார்கள். இணையத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் ஒரு படத்தை எடுத்து அனுப்பினால் அவர்களாலேயே வாசிக்க முடியாது. உங்களாலும் வாசிக்க முடியாது என்பதால் படத்தில் போன வருடத்துப் பெயர் இருந்தாலும் தெரியாமல் போய்விடும்.

தெலுங்கில் வழக்கமான வாழ்த்து "உகாதி சுபாகாங்க்ஷலு". இதில் ஆகாங்க்ஷை என்பது விருப்பம்; உங்களுக்கு நல்லது நடக்க வேண்டுமென்ற விருப்பம். கன்னடத்தில் "யுகாதி ஹப்பத சுபாஷயகளு". ஹப்ப என்றால் பண்டிகை. முறையாக எழுதுபவர்கள் ஆண்டின் பெயரையும் சேர்ப்பார்கள்: "ஸ்ரீ விஸ்வாவசு நாம சம்வத்சர உகாதி சுபாகாங்க்ஷலு". அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர்கள் தெலுங்குக்கும் தமிழுக்கும் ஒன்றே. 2025-இல் யுகாதியன்று பிறந்ததும் விசுவாவசு, ஏப்ரல் 14-இல் பிறந்ததும் விசுவாவசு. இரண்டு வார இடைவெளியில் ஒரே பெயர் இரண்டு முறை வருவதைப் பார்த்து, முதல் செய்தியையே தமிழ்ப் புத்தாண்டுக்கும் திரும்ப அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. பெயரின் பொருளையும் ஒருமுறை பாருங்கள். 2024-க்கு வந்த பெயர் குரோதி, சினம் கொண்டது என்று பொருள். அப்படிப்பட்ட ஆண்டில் பெயரை விட்டுவிட்டு, பண்டிகைப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

"இனிப்பு மட்டுமே நிறைந்த ஆண்டாகட்டும்" என்ற வரி யுகாதிக்குப் பொருந்தாது. அன்று செய்யும் பச்சடியில் வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், உப்பு, மிளகாய் என்று அறுசுவையும் இருக்கும். கசப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதே அந்த நாளின் கருத்து. எழுதுவதென்றால் இப்படி:

"உகாதி சுபாகாங்க்ஷலு. அறுசுவையும் கலந்து வரும் புது வருடத்தில் உங்கள் வீட்டில் நலமும் நிறைவும் தங்கட்டும்."

கன்னட வீடு என்று தெரிந்தால் முதல் வரியை மாற்றுங்கள். எது என்று தெரியாவிட்டால் "யுகாதி நல்வாழ்த்துகள்" என்று தமிழிலேயே எழுதுங்கள், இருவருக்கும் பொருந்தும்.

நோன்புப் பெருநாள்: மாதம் வேறு, பெருநாள் வேறு

ரமலான் என்பது நோன்பு மாதத்தின் பெயர். ரம்ஜான் என்று சொல்வதும் அதையே. அந்த மாதம் தொடங்கும்போது சொல்வது "ரமலான் முபாரக்" அல்லது "ரமலான் கரீம்". மாதம் முடிந்து ஷவ்வால் முதல் நாள் வருவது ஈதுல் ஃபித்ர், தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாள். அன்று சொல்வது "ஈத் முபாரக்" அல்லது "பெருநாள் வாழ்த்துகள்". முபாரக் என்றால் அருள் பெற்றது என்று பொருள். ஊரில் பேனர்களில் "ரம்ஜான் நல்வாழ்த்துகள்" என்று போடுவது பழகிவிட்டது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் காஜிமார் தெருவிலோ கோரிப்பாளையத்திலோ வீட்டுக்குள் பேசுகிற சொல் பெருநாள்தான். அதை எழுதும்போது தெரிந்தவர் சொன்னதுபோல் இருக்கும். பெருநாள் அன்று "ரமலான் கரீம்" அனுப்புவது மட்டும் தவறு. அந்த மாதம் முந்தின மாலையோடு முடிந்துவிட்டது.

"இஸ்லாமிய சகோதரர்களுக்கு" என்று தொடங்கும் வாசகம் மேடைப் பேச்சிலிருந்து வந்தது. ஜவுளிக்கடை வாடிக்கையாளரில் பாதிக்கு மேல் பெண்கள். "உங்களுக்கும் குடும்பத்தாருக்கும்" என்று எழுதினால் யாரும் விடுபட மாட்டார்கள்.

"ஈத் முபாரக். உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்."

இவ்வளவே போதும். குர்ஆன் வசனத்தையும் அல்லாஹ் என்ற பெயரையும் கடைப் பையிலோ துண்டுச்சீட்டிலோ அச்சடிக்காதீர்கள்; அந்தக் காகிதம் கீழே விழுந்து மிதிபடும். பிறை, விளக்கு, பள்ளிவாசல் படம் போதுமானது. குத்துவிளக்கும் கோலமும் உள்ள பழைய வடிவத்தில் பெயரை மட்டும் மாற்றிப் போடுவதும் ஆகாது.

பதில் வரும். "கைர் முபாரக்" என்றால் உங்கள் வாழ்த்துக்கான மறுமொழி. "ஜஸாகல்லாஹு கைரன்" என்றால் இறைவன் உங்களுக்கு நற்கூலி தருவானாக என்று நன்றி சொல்கிறார். இரண்டுக்கும் "நன்றிங்க" என்று எழுதினால் மரியாதையாக இருக்கும்.

இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது முஹர்ரம். இஸ்லாமிய ஆண்டு பிறப்பது முஹர்ரம் முதல் நாள். ஆனால் அரசு விடுமுறை வருவது பத்தாம் நாளான ஆஷூராவில். நபிகளின் பேரர் ஹுசைன் 680-இல் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள் அது. ஷியாக்களுக்குத் துக்க நாள். சுன்னிகளில் பலர் நோன்பு வைப்பார்கள். காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து "முஹர்ரம் வாழ்த்துகள்" அனுப்பிவிடுகிறார்கள். அன்று எதுவும் அனுப்பக் கூடாது. கடைக்கு விடுமுறை என்றால் அதை மட்டும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 14: ஒரே நாளுக்கு நான்கு சொல்

இந்த நாளில்தான் சொல்லைத் தேர்ந்து எழுத வேண்டும். 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. 2011-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுச் சித்திரை திரும்ப வந்தது. ஆனாலும் தை முதல் நாளையே புத்தாண்டாகக் கொள்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஏப்ரல் 14 அன்று "தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்" போனால் ஒரு நீண்ட விளக்கம் பதிலாக வரும். பஞ்சாங்கம் வாசித்து, கனி பார்த்து, மாங்காயும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி வைக்கிற வீடுகளுக்கோ அதுதான் வருடப்பிறப்பு. இரு தரப்புக்கும் போகிற செய்தியில் "சித்திரைத் திருநாள் வாழ்த்துகள்" என்று எழுதுங்கள். நாளின் பெயரைத்தான் சொல்கிறது. ஆண்டு எப்போது பிறக்கிறது என்ற வாதத்துக்குள் போகவில்லை.

இங்கே வெளியூர்க்காரர்கள் செய்கிற ஒரு பிழை உண்டு. திருநாள் என்பதற்குப் பதிலாகத் திருவிழா என்று எழுதிவிடுகிறார்கள். மதுரையில் சித்திரைத் திருவிழா என்றால் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் அழகர் ஆற்றில் இறங்குவதும்தான். 2025-இல் அழகர் வைகையில் இறங்கியது மே 12. ஏப்ரல் 14 அன்று "சித்திரைத் திருவிழா வாழ்த்துகள்" என்று வந்தால் எழுதியவர் ஊருக்குப் புதுசு என்று உடனே தெரிந்துவிடும்.

வயதானவர்களுக்கு எழுதும்போது இன்னொன்று. தமிழில் வாழ்த்துவது பெரியவர் சிறியவருக்குச் செய்வது. "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று நாம் சொல்வது அதனால்தான். எழுபது வயது வாடிக்கையாளருக்குக் கடைப் பையன் "வாழ்த்துகிறோம்" என்று எழுதாமல், "சித்திரைத் திருநாளில் எங்கள் அன்பான வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு வேண்டும்" என்று எழுதினால் அவர் மனம் குளிரும். பொதுச் செய்தியில் "வணக்கமும் வாழ்த்துகளும்" என்று இரண்டையும் சேர்த்துவிடலாம்.

மலையாளிகளுக்கு "விஷு ஆசம்சகள்". இதை மலையாளப் புத்தாண்டு என்று விளக்கம் சேர்த்து எழுதாதீர்கள். இப்போதைய கொல்லம் ஆண்டுக் கணக்கில் வருடம் பிறப்பது சிங்ஙம் முதல் நாள், ஆகஸ்ட் நடுவில். விஷு, காலையில் கண்விழித்ததும் கனி காணும் பண்டிகை. கொன்றைப்பூவும் வெள்ளரியும் கண்ணாடியும் வைத்த கனியின் படம் பொருத்தமாக இருக்கும்.

அதே நாள் அம்பேத்கர் பிறந்தநாள். 2022 முதல் தமிழ்நாட்டில் சமத்துவ நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. உங்கள் வாடிக்கையாளரில் பலருக்கு அன்றைய முதன்மையான வாழ்த்து அதுதான். அவர்கள் "ஜெய் பீம்" என்று அனுப்பினால் பதிலும் "ஜெய் பீம்" என்றே போகட்டும். சித்திரைச் செய்தியின் அடியில் ஒரு வரியாக ஒட்டாமல், தனிச் செய்தியாக அனுப்புங்கள்.

2025-இல் ஏப்ரல் 14 கிறிஸ்தவர்களுக்குப் புனித வாரத்தின் திங்கள். தமிழ் வருடப்பிறப்பு வாழ்த்தை வாங்கிக்கொள்ளும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. ஆனால் சாமி படமோ திருநீற்றுப் பட்டையோ இல்லாத, வெறும் எழுத்துச் செய்தியாக அவர்களுக்கு அனுப்புவது முறை.

புனித வெள்ளிக்கு வாழ்த்து இல்லை

புனித வெள்ளி, பெரிய வெள்ளி என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். இயேசு சிலுவையில் இறந்த நாள். அன்று "நல்வாழ்த்துகள்" என்பதே கிடையாது. "இனிய" என்ற சொல்லும், பூங்கொத்துப் படமும், தள்ளுபடி விளம்பரமும் அன்று போகக் கூடாது. நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை சி.எஸ்.ஐ. கோயில்களில் மும்மணி ஆராதனை நடக்கும். கத்தோலிக்கர்கள் சிலுவைப்பாதை செய்வார்கள். அந்த நேரத்தில் பில் பாக்கி கேட்டுக்கூடச் செய்தி அனுப்பாதீர்கள். கடை விடுமுறை என்றால் "புனித வெள்ளியை முன்னிட்டு இன்று கடை விடுமுறை" என்ற ஒரு வரி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் இதே முறை. பெயரில் திருநாள் இருந்தாலும் அது இறந்தோரை நினைக்கும் நாள்.

ஈஸ்டர் செய்தி ஞாயிறு காலை போக வேண்டும், சனிக்கிழமை பகலில் அல்ல. கத்தோலிக்கர்களுக்குச் சனி இரவுத் திருவிழிப்பு, மற்றவர்களுக்கு ஞாயிறு அதிகாலை ஆராதனை. கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குப் போகிறவர் "உயிர்ப்புப் பெருவிழா" என்பார், நரிமேட்டு சி.எஸ்.ஐ. குடும்பம் "உயிர்த்தெழுந்த பண்டிகை" என்று சொல்லும். "ஈஸ்டர் திருநாள் வாழ்த்துகள்" இருவருக்கும் பொதுவான சொல். பதிலுக்கு "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று வந்தால், அந்த மரபில் மறுமொழி "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்". அது விசுவாச அறிக்கை. நீங்கள் அந்த நம்பிக்கையில் இல்லையென்றால் நன்றி சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அனுப்பும் முன்னும் அனுப்பிய பின்னும்

ஒவ்வொரு செய்தியையும் அந்தப் பண்டிகை கொண்டாடும் ஒருவரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். கடையிலேயே தையல்காரரோ கணக்குப்பிள்ளையோ இருப்பார். "வாழ்த்துக்கள்", "வாழ்த்துகள்" இரண்டும் புழக்கத்தில் உண்டு, பாடநூல் வழக்கு "வாழ்த்துகள்". எதை எடுத்தாலும் எல்லாச் செய்தியிலும் ஒன்றையே வையுங்கள். "இனிய நல்வாழ்த்துகள்" என்று அடுக்க வேண்டாம். இனிய அல்லது நல், ஒன்று போதும். வாழ்த்தோடு தள்ளுபடியைச் சேர்க்காதீர்கள். பெருநாளுக்கும் யுகாதிக்கும் துணி எடுப்பது பத்துப் பதினைந்து நாள் முன்பே முடிந்துவிடும். விளம்பரம் அப்போது போகட்டும்.

செய்தி தவறான பட்டியலுக்குப் போய்விட்டால், அனுப்பிய இரண்டு நாளுக்குள் வாட்ஸ்அப்பில் அனைவருக்கும் அழிக்கலாம். ஒளிபரப்புப் பட்டியலில் போனதை ஒவ்வொருவர் உரையாடலிலும் திறந்து பார்த்து, அழிந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். முன்பே படித்தவருக்குத் தனியாக எழுதுங்கள்: "அண்ணே, பட்டியல் மாறி வந்துருச்சு, மன்னிச்சுக்கங்க." விளக்கம் வேண்டாம். புனித வெள்ளிக்கோ ஆஷூராவுக்கோ வாழ்த்து போய்விட்டிருந்தால் செய்தியோடு நிற்காமல், கடை முதலாளியே போனில் கூப்பிட்டுச் சொல்வது நல்லது. பிறகு அந்த எண்ணை எந்தப் பட்டியலில் இருந்து எடுத்து எதில் சேர்க்க வேண்டும் என்று அன்றே மாற்றிவிடுங்கள். அடுத்த பண்டிகை இரண்டு வாரத்தில் வந்துவிடும்.